தலைக்குக் குளித்த மறுநாளே எண்ணெய்ப் பிசுக்கா? அறிகுறியை வைத்துக் காரணத்தைக் கண்டுபிடிக்கலாம்

காலை 7 மணிக்குத் தலைக்குக் குளித்தால் மறுநாள் காலை 7 மணிக்குள் என் தங்கையின் வகிட்டில் எண்ணெய் மினுங்கும். முடி கற்றை கற்றையாக ஒட்டிக்கொள்ளும். இரண்டு ஆண்டுகளில் ஒன்பது ஷாம்புகள் மாற்றிவிட்டாள். ஒவ்வொன்றும் முதல் வாரம் நன்றாக இருப்பதுபோல் தோன்றி, பிறகு பழைய நிலைக்கே வந்துவிட்டது. “எனக்கு எண்ணெய்த் தலை அக்கா, அதற்கு ஒன்றும் செய்ய முடியாது” என்று முடிவுகட்டியிருந்தாள். அவள் சொன்னது பாதிதான் சரி. மீதிப் பாதியைக் கண்டுபிடிக்க ஷாம்பு மாற்றுவதை நிறுத்திவிட்டு, பிசுக்கு எங்கே, எத்தனை மணி நேரத்தில் தொடங்குகிறது என்று பார்க்க வேண்டியிருந்தது.

கழுவிய தலை ஒரே நாளில் பிசுக்கேறுவதற்குப் பெரும்பாலும் இரண்டு காரணங்கள் உண்டு. ஒன்று, தலைத்தோல் சுரக்கும் எண்ணெய். இன்னொன்று, கழுவும்போதே முடியில் படிந்து தங்கிவிடும் பொருள். கண்ணுக்கு இரண்டும் ஒரே மாதிரி தெரியும். ஆனால் முதலாவதை ஷாம்புவால் தடுக்க முடியாது, அவ்வப்போது அகற்றத்தான் முடியும். இரண்டாவதை முழுவதுமாக நிறுத்திவிடலாம். எது எவ்வளவு என்று தெரியாமல் ஷாம்பு வாங்குவது இருட்டில் ஊசி தேடுவது போன்றது.

முதலில் தாள் சோதனை

இதற்கு வேண்டியது மெல்லிய டிஷ்யூ தாளும் ஒரு கடிகாரமும் மட்டுமே. தாள் இரண்டு அடுக்காக இருந்தால் பிரித்து ஒற்றை அடுக்காக எடுத்துக்கொள்ளுங்கள். வழக்கம்போல் தலைக்குக் குளித்து, முடி முழுவதும் காய்ந்த பிறகு முதல் முறை, குளித்து 6 மணி நேரம் கழித்து இரண்டாம் முறை, இரவு படுக்கும் முன் மூன்றாம் முறை, மறுநாள் காலை நான்காம் முறை என்று நான்கு தடவை பாருங்கள். ஒவ்வொரு தடவையும் உச்சியில் வகிடு பிரித்து, தாளைத் தோலின்மேல் வைத்து 10 வினாடி விரலால் அழுத்துங்கள். இன்னொரு தாளைக் காது உயரத்தில் உள்ள முடிக்கற்றையின்மேல் சுற்றி அழுத்துங்கள். பிறகு இரண்டையும் வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பாருங்கள்.

எண்ணெய் பட்ட இடம் கண்ணாடிபோல் ஒளி ஊடுருவும் புள்ளியாகத் தெரியும். வியர்வையும் அப்படித்தான் தெரியும் என்பதால் தாளை 10 நிமிடம் உலரவிட்டு மறுபடி பாருங்கள். வியர்வைப் புள்ளி மறைந்துவிடும், எண்ணெய்ப் புள்ளி அப்படியே இருக்கும். இதைப் பலர் செய்வதில்லை. வியர்த்த தலையை எண்ணெய்த் தலை என்று நினைத்துக் கடுமையான ஷாம்புவுக்குப் போய்விடுகிறார்கள்.

தாளில் தெரிவதையும் கண்ணுக்குத் தெரிவதையும் சேர்த்துப் படியுங்கள். முடி பிசுக்காகத் தெரிகிறது, தாளிலும் நிலையான புள்ளிகள் இருக்கின்றன என்றால் அது எண்ணெய்தான். முடி பிசுக்காகத் தெரிகிறது, ஆனால் தாள் வறண்டே இருக்கிறது என்றால் அது படிவு. ஷாம்புவும் கண்டிஷனரும் விட்டுச்செல்லும் பொருள்கள் முடியைப் பிடித்துக்கொண்டு நிற்கும். சுரந்த எண்ணெயைப் போல எளிதாகத் தாளுக்கு இடம் மாறாது.

காய்ந்தவுடனேயே முடி கனத்துத் தொங்குகிறது, தாள் வறண்டிருக்கிறது

குளித்து இரண்டு மணி நேரம்கூட ஆகாத நிலையில் இப்படி இருந்தால் சுரப்பிகளைக் குறை சொல்ல இடமில்லை. அவ்வளவு விரைவில் முடியின் நீளம் முழுவதையும் நனைக்கும் அளவுக்கு எண்ணெய் ஊறுவதில்லை.

ஷாம்புப் புட்டியின் பின்பக்கத்தைத் திருப்பிப் படியுங்கள். “மென்மை”, “பட்டுப்போல்”, “சேதம் சரிசெய்யும்” என்று முன்பக்கத்தில் எழுதிய ஷாம்புகளில் பெரும்பாலும் இரண்டு வகைப் பொருள்கள் இருக்கும். ஒன்று சிலிக்கோன், டைமெத்திகோன், டைமெத்திகோனால் போன்ற பெயர்களில் வரும். இன்னொன்று நேர்மின்னேற்றம் கொண்ட பாலிமர். பாலிகுவாட்டர்னியம் என்று தொடங்கி ஓர் எண்ணோடு முடியும், அல்லது குவார் என்று தொடங்கும் நீளமான பெயராக இருக்கும். இவை தீய பொருள்கள் அல்ல. வறண்ட, சுருண்ட, சாயம் பூசிய முடிக்கு இவை பெரிய உதவி. மெல்லிய நேரான முடியில்தான் சுமையாகிவிடுகின்றன.

இவை வேலை செய்யும் விதம் தெரிந்தால் ஒரு குழப்பம் தீரும். புட்டிக்குள்ளும் நுரையிலும் பாலிமர் கரைந்தே இருக்கும். தண்ணீர் ஊற்றி அலசும்போது நுரை நீர்த்துப்போகிறது. அப்போது பாலிமர் பிரிந்து, தன்னோடு சிலிக்கோன் துளிகளையும் இழுத்துக்கொண்டு முடியின்மேல் படிகிறது. அதாவது, அலசும் வேளையில் படிவதற்காகவே இது உருவாக்கப்பட்டது. அதனால் “நன்றாக அலசவில்லை போலிருக்கிறது” என்று இன்னும் ஐந்து நிமிடம் தண்ணீர் ஊற்றினாலும் பெரிதாக மாறாது. மாற்ற வேண்டியது ஷாம்புவைத்தான்.

புது ஷாம்பு முதல் வாரம் நன்றாக இருந்து பிறகு “பலிக்காமல்” போவதற்கும் இது ஒரு காரணமாக இருக்கலாம். முடி ஒரு ஷாம்புவுக்குப் பழகிவிடுவதில்லை. முடி உயிரற்ற இழை, அதற்குப் பழகத் தெரியாது. கழுவுவதைவிடப் படிவது அதிகமாக இருந்தால் ஒவ்வொரு குளியலிலும் கொஞ்சம் கொஞ்சமாக ஏறும், அவ்வளவுதான்.

உறுதிசெய்ய ஒரு வழி உண்டு. கிளாரிஃபையிங் ஷாம்பு என்று விற்பது, அல்லது மேலே சொன்ன இரண்டு வகைப் பொருளும் இல்லாத எளிய ஷாம்பு எதையாவது எடுத்து, ஒரே ஒரு குளியலில் இரண்டு முறை போட்டுக் கழுவுங்கள். கண்டிஷனர் வேண்டாம். அன்று மதியம் முடி இலேசாக எழும்பி நின்றால் காரணம் படிவு என்று உறுதியாகிவிட்டது. ஒரு மாற்றமும் இல்லையென்றால் அடுத்த அறிகுறிகளைப் பாருங்கள்.

கண்டிஷனரைத் தலைத்தோலில் தேய்ப்பவர்கள் அதை இன்றே நிறுத்தலாம். காதுக்குக் கீழே உள்ள முடிக்கு மட்டும் போதும். வேரிலிருந்து சில சென்டிமீட்டர் வரை உள்ள முடி புதிதாக வளர்ந்தது, அதற்குக் கண்டிஷனர் தேவையே இல்லை.

முடி உதிர்வுக்காக மினாக்சிடில் திரவம் பூசுபவர்களுக்கும் ஒரு வார்த்தை. அந்தத் திரவத்தில் மருந்தைக் கரைக்கச் சேர்க்கும் புரோப்பிலீன் கிளைக்கால் எளிதில் ஆவியாவதில்லை. வேர்ப்பகுதியை எண்ணெய் தடவியதுபோல் ஒட்டவைக்கும். மருந்தை நிறுத்த வேண்டாம். நுரை வடிவில் வரும் வகையில் பொதுவாக அந்தக் கரைப்பான் இருக்காது. மாற்றிக்கொள்ளலாமா என்று மருத்துவரிடம் கேளுங்கள்.

பிடரியும் காதின் பின்புறமும் மட்டும் பிசுபிசுக்கின்றன

இது கழுவும் முறையில் உள்ள குறை. ஷாம்புவை உச்சியில் கொட்டி அங்கேயே தேய்ப்பவர்களுக்கு அடிப்பகுதி முடி நனைவதுகூட இல்லை. தலையைக் கவிழ்த்து, பிடரியிலிருந்து மேல்நோக்கித் தொடங்குங்கள். தலைக்கு எண்ணெய் தேய்த்துக் குளிப்பவர்களுக்கும் எண்ணெய் தங்குவது இங்கேதான். அவர்களுக்குத் தாளிலும் புள்ளி விழும்.

குளித்த அன்று மாலை வரை நன்றாக இருக்கிறது, மறுநாள் காலை வகிடு மினுங்குகிறது

இதுதான் உண்மையான எண்ணெய்த் தலை. தாளில் உச்சிப் பகுதி முதலில் புள்ளி காட்டும். பிறகுதான் காது உயர முடி.

ஒவ்வொரு மயிர்க்காலோடும் எண்ணெய்ச் சுரப்பி ஒட்டியிருக்கிறது. அதன் உள்ளே இருக்கும் செல்கள் கொழுப்பைச் சேர்த்துச் சேர்த்து வீங்கி, கடைசியில் வெடித்துச் சிதைகின்றன. அந்தச் சிதைவே எண்ணெயாக மேலே வருகிறது. ஒரு செல் பிறந்து வெடிக்கும் வரை ஏறத்தாழ இரண்டு, மூன்று வாரம் ஆகும். இன்று உங்கள் வகிட்டில் இருக்கும் எண்ணெய் பல நாள்களுக்கு முன்பே தயாராகத் தொடங்கியது. அதன் அளவைத் தீர்மானிப்பவை முக்கியமாக ஆண்ட்ரோஜன் என்னும் ஹார்மோன்கள். ஆண், பெண் இருவருக்கும் இவை உண்டு. அவை இரத்தத்தில் வருகின்றன. தலையை எப்போது கழுவினீர்கள் என்பது அவற்றுக்குத் தெரியாது.

இதை விரிவாகச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. “அடிக்கடி கழுவினால் தோல் பதறிப்போய் இன்னும் அதிகமாகச் சுரக்கும், கழுவுவதைக் குறைத்துத் தலையைப் பழக்கு” என்ற அறிவுரையை எண்ணெய்த் தலைக்காரர் எல்லோரும் கேட்டிருப்பார்கள். சுரப்பிக்கு அப்படி ஒரு செய்தி போகும் பாதை இல்லை. கழுவியதும் வேகமாக எண்ணெய் ஊறுவதுபோல் தோன்றுவதற்கு வேறு விளக்கம் உண்டு. மயிர்க்காலின் குழாய் ஒரு சிறிய தொட்டி. அதில் ஏற்கெனவே எண்ணெய் நிரம்பி நிற்கிறது. மேற்பரப்பைத் துடைத்தவுடன் தொட்டியில் இருப்பது வழிந்து மேலே வருகிறது. பிறகு மேற்பரப்பு நிறையும்போது மாற்றம் கண்ணுக்குத் தெரிவதில்லை. ஐந்து நாள் கழுவாத தலையில் “சுரப்பு குறைந்துவிட்டது” என்று தோன்றினால், எண்ணெய் முடியின் நீளத்துக்குப் பரவிவிட்டது, கண்ணும் பழகிவிட்டது என்றுதான் பொருள்.

ஆகவே, உண்மையான எண்ணெய்த் தலை உள்ளவர் தினமும் தலைக்குக் குளிக்கலாம். தவறே இல்லை. குறைத்தால்தான் அரிப்பும் செதிலும் வருவதற்கு இடம் கிடைக்கிறது.

ஒரே அளவு எண்ணெய் சுரக்கும் இருவரில் ஒருவர் தலை பிசுக்காகவும் மற்றவர் தலை சாதாரணமாகவும் தெரிவதுண்டு. எண்ணெய் தோலிலிருந்து முடிக்கு ஏறுவது திரியில் எண்ணெய் ஏறுவதுபோல்தான். நேரான மெல்லிய முடி தோலோடு படிந்து, ஒன்றோடொன்று ஒட்டிக் கிடக்கிறது. எண்ணெய்க்கு நேர்வழி கிடைத்துவிடுகிறது. சுருள் முடி தோலைவிட்டு விலகி நிற்பதால் ஏறுவது தாமதமாகிறது. சீப்பும் விரலும் இந்தப் பயணத்தை வேகப்படுத்தும். வெப்பமும் அப்படித்தான்: சூடான இடத்தில் எண்ணெய் இளகி விரைவாகப் பரவும், வியர்வை அதற்குத் துணைபோகும்.

இந்த அறிகுறிக்கு ஷாம்பு தேர்ந்தெடுக்கும்போது முதலில் பார்க்க வேண்டியது, எண்ணெயை அகற்றும் நுரைப்பொருள். பட்டியலில் தண்ணீருக்கு அடுத்து வருவது பெரும்பாலும் அதுவே. சோடியம் லாரெத் சல்பேட் முதலிலும், கோகமிடோபுரோப்பில் பீட்டேன் அதற்குப் பின்னும் இருந்தால் அது நல்ல கூட்டணி. முன்னது எண்ணெயைத் தூக்கும். பின்னது தோலுக்கு உறுத்தலைக் குறைக்கும். சோடியம் லாரில் சல்பேட் என்பது பெயரில் நெருக்கமானது, வேலையில் இன்னும் கடுமையானது. தினமும் கழுவுபவருக்கு அது தேவையில்லை. சல்பேட் இல்லாதது என்று விற்கும் ஷாம்புகளில் சில எண்ணெய்த் தலைக்குப் போதாமல் போகும், சில நன்றாகவே வேலை செய்யும். முன்பக்கத்து விளம்பரத்தை வைத்து முடிவு செய்ய முடியாது. தாள் சோதனையில் காய்ந்த உடனேயே உச்சியில் புள்ளி விழுந்தால் அந்த ஷாம்பு உங்கள் எண்ணெயைத் தூக்கவில்லை என்று அறியலாம்.

இரண்டாவதாகப் பார்க்க வேண்டியது, முன்பு சொன்ன சிலிக்கோனும் பாலிமரும் இல்லாமை, அல்லது மிகக் குறைவாக இருப்பது. ஷாம்பு நிறமில்லாமல் தெளிவாக இருந்தால் சிலிக்கோன் குறைவு என்று ஓரளவு ஊகிக்கலாம். முத்துப்போல் மினுங்கும் வெண்மை எப்போதும் சிலிக்கோனைக் குறிப்பதில்லை; மினுக்குக்காகவே சேர்க்கும் பொருளும் உண்டு. பட்டியலைப் படிப்பதுதான் உறுதியான வழி.

சாலிசிலிக் அமிலம் சேர்த்த ஷாம்பு செதிலைக் கரைக்கும். எண்ணெயோடு செதிலும் தடிமனாக ஒட்டியிருந்தால் வாரம் ஒரு முறை அல்லது இரு முறை பயன்படும். வெறும் எண்ணெய்க்கு அதனால் தனி நன்மை இல்லை. களிமண், கரி, எலுமிச்சை, புதினா என்று புட்டியில் எழுதியிருப்பதற்காக அதிகப் பணம் கொடுக்க வேண்டாம். புதினாவின் குளிர்ச்சி சுத்தமாகிவிட்டது என்ற உணர்வைத் தரும், எண்ணெயைக் குறைக்காது.

சோப்புக் கட்டியால் தலை கழுவுபவர்கள் தண்ணீரையும் பார்க்க வேண்டும். சுண்ணாம்பு மிகுந்த கடின நீரில் சோப்பு கரையாத பசையாக மாறி முடியில் ஒட்டும். அது எண்ணெய்ப் பிசுக்குபோலவே இருக்கும். வாளியின் விளிம்பில் சாம்பல் நிற வளையம் படிந்தால் முடியிலும் அதுவே படிகிறது. ஷாம்புவுக்கு மாறினாலே இந்தத் தொல்லை பெரும்பாலும் தீர்ந்துவிடும்.

கழுவும் முறை

நல்ல ஷாம்புவையும் கெடுத்துவிடக்கூடியது கழுவும் முறை. முதலில் ஒரு நிமிடம் தலை முழுவதும் நனையட்டும். வெதுவெதுப்பான நீர் எண்ணெயை இளக்கும். சூடான நீர் வேண்டாம். ஷாம்புவை உள்ளங்கையில் எடுத்துக் கொஞ்சம் தண்ணீர் சேர்த்து நீர்க்கச் செய்து, உச்சி, இரு பக்கம், பிடரி என்று நான்கு இடங்களில் தோலில் படும்படி வையுங்கள். நகத்தால் அல்ல, விரல் நுனியால் தேய்க்க வேண்டும்.

முதல் முறை நுரை வரவில்லை என்றால் ஷாம்புவை இன்னும் ஊற்றாதீர்கள். எண்ணெய் நுரையைக் கொன்றுவிடும். நுரை வராததே எண்ணெய் கரைந்து வருகிறது என்பதற்கு அடையாளம். அலசிவிட்டு, முதலில் எடுத்ததில் பாதி அளவு எடுத்து இரண்டாம் முறை போடுங்கள். இப்போது நுரை பொங்கும். அதை ஒரு நிமிடம் தலையில் வைத்திருந்து அலசுங்கள். பலருக்கு இந்த இரண்டாம் முறை ஒன்றே பிசுக்கு வரும் நேரத்தைச் சில மணி நேரம் தள்ளிப்போட்டுவிடும். புது ஷாம்பு வாங்கும் முன் இதைச் செய்து பாருங்கள் என்பதுதான் என் பிடிவாதமான வேண்டுகோள்.

சீப்பைக் கழுவாமல் விட்டால் நேற்றைய எண்ணெயை இன்றைய தலையில் தடவுகிறோம். வாரம் ஒரு முறை வெந்நீரில் இரண்டு சொட்டு ஷாம்பு விட்டுச் சீப்பை ஊறவைத்துத் தேயுங்கள். தலையணை உறைக்கும் அதே கணக்கு.

பிசுக்கோடு அரிப்பும், மஞ்சளாக ஒட்டும் செதிலும் இருக்கின்றன

இங்கே எண்ணெயோடு இன்னொன்றும் சேர்ந்திருக்கிறது. மலசீசியா என்ற ஈஸ்ட் வகைக் கிருமி எல்லார் தலையிலும் வாழ்கிறது. அது எண்ணெயை உடைத்து உண்கிறது. உடைந்து மிஞ்சும் கொழுப்பு அமிலங்கள் சிலர் தோலை உறுத்தி, அரிப்பையும் செதிலையும் உண்டாக்குகின்றன. செதில் காது மடிப்பிலும், புருவத்திலும், மூக்கின் ஓரங்களிலும் இருந்தால் சந்தேகத்துக்கு இடம் குறைவு. பெரும்பாலும் இது செபோரிக் தோல் அழற்சி. கூடுதல் சுத்தம் மட்டும் இதைத் தீர்க்காது.

கீட்டோகோனசோல் 2 சதவீத ஷாம்பு இதற்கு நன்கு சோதிக்கப்பட்ட மருந்து. வாரம் இரண்டு முறை, 2 முதல் 4 வாரங்கள் பயன்படுத்த வேண்டும். தலையில் 3 முதல் 5 நிமிடம் வைத்திருந்து அலச வேண்டும்; தடவியவுடன் அலசிவிட்டு “இது வேலை செய்யவில்லை” என்று சொல்பவர்கள் மிகப் பலர். குறைந்த பிறகு வாரம் ஒரு முறை அல்லது இரு வாரத்துக்கு ஒரு முறை போட்டால் திரும்ப வராமல் தள்ளிப்போடலாம். இடைப்பட்ட நாள்களில் சாதாரண ஷாம்புவே போதும். சில நாடுகளில் இதற்கு மருத்துவரின் சீட்டு வேண்டும். கர்ப்பிணிகளும் பாலூட்டும் தாய்மார்களும் கேட்டுவிட்டுப் பயன்படுத்துங்கள்.

செலினியம் சல்ஃபைடு ஷாம்புவும் இதே நோய்க்குப் பயன்படுகிறது. ஆனால் சிலருக்கு அதுவே முடியைப் பிசுக்காக்கும். அதன் பக்க விளைவுகளில் இதுவும் ஒன்று. சாயம் பூசிய, நரைத்த முடியின் நிறத்தையும் அது மாற்றலாம். பிசுக்கே முதன்மைத் தொல்லை என்றால் நான் கீட்டோகோனசோலைத்தான் முதலில் எடுப்பேன்.

செதில் “வறட்சி” என்று நினைத்து எண்ணெய் தேய்ப்பது இந்த நிலையில் நேர் எதிரான செயல். பல எண்ணெய்களின் கொழுப்பு அமிலங்கள் அந்த ஈஸ்டுக்கு உணவு.

முன்நெற்றி முடி மட்டும் பிசுக்கேறுகிறது

அது பெரும்பாலும் நெற்றியின் எண்ணெய், அல்லது முகத்தில் பூசிய கிரீம், வெயில் காப்புக் களிம்பு. முடியைக் கோதிவிடும் கையும் காரணமாகலாம். தலைமுழுக்க ஷாம்பு போடத் தேவையில்லை. அந்தக் கற்றையை மட்டும் கழுவி உலர்த்தினால் போதும்.

கழுவியதும் தோல் இறுகி எரிகிறது, ஆனாலும் மறுநாள் பிசுக்கு

ஷாம்பு கடுமையாகிவிட்டது. சுரப்பியை அது மாற்றவில்லை. தோலை மட்டும் நோகடித்திருக்கிறது. மென்மையான ஷாம்புவுக்கு இறங்குங்கள். ஒரு வாரத்தில் எரிச்சல் அடங்கவில்லை என்றால் ஷாம்புவின் வாசனைப் பொருளோ பதப்படுத்தும் பொருளோ ஒவ்வாமலிருக்கலாம். தோல் மருத்துவரைப் பாருங்கள்.

இதுவரை இல்லாத பிசுக்கு சில மாதங்களில் திடீரென வந்தது

பருவ வயதில் இது இயல்பு. மற்றபடி ஹார்மோனைக் கவனிக்க வேண்டும். பெண்களுக்கு மாதவிடாய் ஒழுங்கு தவறுவதும், தாடையில் முடி வளர்வதும், பருக்களும், உச்சியில் முடி அடர்த்தி குறைவதும் சேர்ந்து வந்தால் சினைப்பை நீர்க்கட்டி நோய்க்குப் பரிசோதனை தேவை. கருத்தடை மாத்திரை நிறுத்திய பின்னும், டெஸ்டோஸ்டிரோன் அல்லது உடல்கட்டுக்கான ஸ்டீராய்டு எடுக்கும்போதும் சுரப்பு மாறலாம். 8 வயதுக்குள் ஒரு குழந்தைக்குத் தலைப்பிசுக்கும் பெரியவர்போன்ற உடல் வாடையும் தொடங்கினால் குழந்தை மருத்துவரிடம் காட்டுங்கள். முதியவர் ஒருவருக்குத் தலையும் முகமும் எண்ணெய் வடிவதோடு நடை மெதுவாகி, கை நடுங்கத் தொடங்கினால் நரம்பியல் மருத்துவரின் கருத்து வேண்டும். பார்க்கின்சன் நோயில் எண்ணெய்ச் சுரப்பு அதிகமாவது அறியப்பட்ட ஒன்று.

சுரப்பையே குறைக்கும் மருந்துகள் உண்டு. சில ஹார்மோன் மாத்திரைகளும் ஐசோட்ரெட்டினாயினும் அப்படிப்பட்டவை. ஐசோட்ரெட்டினாயின் கருவில் இருக்கும் குழந்தைக்குக் கடும் ஊனம் விளைவிக்கும். தலைப்பிசுக்கு ஒன்றுக்காகத் தாமாக வாங்கி உண்ணும் மருந்தல்ல அது.

என் தங்கையின் பதினான்கு நாள்

அவளுக்கு மெல்லிய நேரான முடி, தோள் வரை. ஐந்து வாரம் வாரத்துக்கு மூன்று முறை மட்டும் குளித்துத் தலையைப் “பழக்க” முயன்று, அரிப்போடு என்னிடம் வந்தாள். செதில் இல்லை; தினக்குளியலுக்குத் திரும்பியதும் நான்கு நாளில் அரிப்பு நின்றுவிட்டது. அதன் பிறகு தாள் சோதனை.

காலை 7 மணிக் குளியல். 9 மணிக்கு இரண்டு தாளும் வறண்டிருந்தன. மதியம் 1 மணிக்கு முடி தட்டையாகத் தொங்கியது. “பார், இப்போதே பிசுக்கு” என்றாள். தாள் அப்போதும் வறண்டே இருந்தது. இரவு 10 மணிக்கு உச்சித் தாளில் நாலைந்து சிறு புள்ளிகள். மறுநாள் காலை உச்சித் தாள் முழுவதும் புள்ளி, காது உயரத்திலும் சில. ஆக அவளுக்கு இரண்டு காரணமும் இருந்தன: மதியத்துக்குக் காரணம் படிவு, மறுநாள் காலைக்குக் காரணம் சுரப்பு.

ஒரே நேரத்தில் எல்லாவற்றையும் மாற்றினால் எது உதவியது என்று தெரியாது என்பதால், முதல் நான்கு நாள் கண்டிஷனரைத் தோலில் தேய்ப்பதை மட்டும் நிறுத்தினாள். மதியத் தொங்கல் கொஞ்சம் குறைந்தது. அடுத்த ஐந்து நாள் அவளுடைய மென்மை ஷாம்புவை விட்டு, சிலிக்கோனும் பாலிமரும் இல்லாத எளிய ஷாம்புவுக்கு மாறினாள். மூன்றாம் நாளிலிருந்து மதியம் முடி எழும்பி நின்றது. மறுநாள் காலைத் தாள் மட்டும் மாறவில்லை. கடைசி ஐந்து நாள் அதே ஷாம்புவை இரண்டு முறை போட்டுக் கழுவினாள், சீப்பையும் கழுவினாள். மறுநாள் காலைத் தாளில் புள்ளி அப்போதும் இருந்தது, ஆனால் காது உயரத்தை எட்டவில்லை. கண்ணுக்குப் பிசுக்காகத் தெரிந்தது மறுநாள் மாலைதான். 24 மணி நேரம் 34 மணி நேரம் அளவுக்கு நீண்டது. அவளுடைய சுரப்பு அப்படியேதான் இருக்கிறது, ஆகவே அது மூன்று நாளாக நீளப்போவதில்லை. அதை அவளிடம் முன்பே சொல்லியிருந்தேன்.

இப்போது அவள் தினமும் காலையில் குளிக்கிறாள். குளிக்க முடியாத நாளுக்கு உலர் ஷாம்பு வைத்திருக்கிறாள். அதிலுள்ள மாவுப்பொருள் எண்ணெயை உறிஞ்சும், அகற்றாது. பிசுக்கு தெரிந்த பிறகு தூவுவதைவிட முந்தின இரவே, 20 சென்டிமீட்டர் தள்ளிப் பிடித்து வேர்ப்பகுதியில் தூவி, காலையில் சீவிவிடுவது நன்றாக வேலை செய்கிறது. அடுத்த குளியலில் அந்த மாவையும் சேர்த்துக் கழுவ வேண்டியிருப்பதால் அன்றும் ஷாம்பு இரண்டு முறை.